மாதக் கணக்கில் சாப்பாடு கொடுக்கிறவர்களுக்கு: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் விடுதி, சிறு ஆபீஸ், பட்டறைகளுக்கு மாதக் கணக்கில் காலை, மதியச் சாப்பாடு கொடுக்கத் தொடங்குகிறவர்கள் ஒரே சந்தேகங்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறோம். கணக்கு வரும் இடங்களில் எல்லாம் ஒரே உதாரணம்தான்: கோணம் பக்கம் ஒரு பெண்கள் விடுதிக்கு 30 காலைச் சாப்பாடு, போகும் வழியிலேயே ஒரு லேத் பட்டறைக்கு 12 மதியச் சாப்பாடு.

வீட்டு அடுப்படியிலேயே வச்சு செய்யலாமா? என்னென்ன பேப்பர் வேணும்?

செய்யலாம். ஆனால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு இல்லாமல் ஒரு நாள்கூடக் கொடுக்கக்கூடாது. foscos.fssai.gov.in தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். விற்றுமுதல் குறைவாக இருந்தால் பதிவு போதும், கூடினால் உரிமம் எடுக்க வேண்டும். கிடைக்கும் 14 இலக்க எண்ணை பில்லில் அச்சடித்துவிடுங்கள். விடுதி நடத்துகிறவர்கள் பில்லைப் பார்த்ததும் அதைத்தான் தேடுவார்கள். சமைக்கிற, பரிமாறுகிற எல்லாருக்கும் மருத்துவத் தகுதிச் சான்று வேண்டும், டைபாய்டு ஊசியும் போட்டிருக்க வேண்டும். நம் ஊரில் பாதி வீடுகளில் கிணற்றுத் தண்ணீர்தான் என்பதால் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்து அறிக்கையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று கேஸ். வீட்டு இணைப்பின் 14.2 கிலோ சிலிண்டரை வியாபாரத்துக்கு எரிக்கக்கூடாது. 19 கிலோ வணிக சிலிண்டர் தனியாக எடுக்க வேண்டும். வீட்டு சிலிண்டர் விலையை மனதில் வைத்துச் சாப்பாட்டு விலை சொன்னவர்கள் இரண்டாவது மாதமே கையைக் கடித்துக்கொள்கிறார்கள்.

முதல்ல எத்தனை பேருக்கு எடுக்கலாம்?

ஓர் இடத்தில் 25 முதல் 30 பேர். அதற்குமேல் ஆள் வந்தாலும், அதே திசையில் இருந்தால் மட்டும் எடுங்கள். வடசேரியில் 10, ஆசாரிபள்ளத்தில் 10, சுசீந்திரத்தில் 10 என்று 30 சேர்ப்பது 30 ஆகாது. கடைசி வீட்டுக்குப் போய்ச் சேரும்போது முதலில் கட்டிய இட்லி ஆறிப்போயிருக்கும்.

பாத்திரமும் ஓர் எல்லையைச் சொல்லும். 36 குழி இட்லிக் கொப்பரை இருந்தால் 120 இட்லிக்கு நாலு ஈடு வேண்டும். ஓர் ஈடு வேகவும் எடுக்கவும் மறுபடி ஊற்றவும் 17, 18 நிமிடம் ஆகும். அப்படியென்றால் முதல் ஈட்டுக்கும் கடைசி ஈட்டுக்கும் ஏறத்தாழ ஒரு மணி நேர இடைவெளி. ஆள் 60 ஆனால் ஏழு ஈடு வேண்டும், அந்த இடைவெளி ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும், அல்லது இரண்டாவது கொப்பரையும் அடுப்பும் கைக்கு ஆளும் வேண்டும். ஆள் கூட்டுவதற்கு முன்பு இதைத்தான் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒரு ஆளுக்கு எவ்வளவு வச்சா காணும்?

இட்லி என்றால் நாலு. ஒரு கிலோ இட்லி அரிசிக்குக் கால் கிலோ உளுந்து போட்டால் நடுத்தர அளவில் 50 இட்லி வரும். 30 பேருக்கு 120, உடைந்ததற்கும் ஒட்டினதற்கும் ஐந்து சேர்த்து 125. அதற்கு இரண்டரை கிலோ அரிசி, 625 கிராம் உளுந்து. சாம்பார் தலைக்கு 150 மில்லி வீதம் நாலரை லிட்டர். அரை கிலோ துவரம்பருப்பு போதும்.

மதியத்துக்கு ஆபீஸ்காரர்களுக்கும் பட்டறைக்காரர்களுக்கும் ஒரே அளவு வைக்காதீர்கள். உட்கார்ந்து வேலை பார்க்கிறவருக்கு 130 கிராம் அரிசி காணும். லேத்திலும் வெல்டிங்கிலும் நிற்கிறவருக்கு 180 கிராம் வேண்டும். நம் உதாரணத்தில் 12 பேருக்கு ஏறத்தாழ இரண்டேகால் கிலோ. விலை பேசும்போதே இந்த வித்தியாசத்தைச் சேர்த்துப் பேசுங்கள். "சோறு காணல" என்ற ஒரு சொல்தான் பட்டறைகளில் மாதக் கணக்கை உடைக்கிறது. கூட்டு குறைந்தால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள்.

விலை எப்படிச் சொல்றது? பக்கத்துக் கடையில நாலு இட்லி என்ன விலையோ அதவிடக் குறைச்சுச் சொன்னா போதாதா?

போதாது. கடைக்காரருக்கு உங்களைப்போல் கொண்டுபோய்க் கொடுக்கும் செலவும் கிடையாது, மாதக் கடனும் கிடையாது. ஒரு நாள் செலவை எழுதிப் போட்டுத்தான் விலைக்கு வர வேண்டும். 30 இட்லிச் சாப்பாட்டுக்கு ஒரு மாதிரிக் கணக்கு இது (விலைகளை உங்கள் கடைச் சீட்டைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்): அரிசி 120 ரூபாய், உளுந்து 88, பருப்பு 65, காய்கறி 90, ஒன்றரை கிலோ தேங்காய் 105, பொட்டுக்கடலை 40, எண்ணெய், புளி, பொடி வகை 70, கேஸ் 115. இதுவரை 693. இவை ஆள் எண்ணிக்கையோடு ஏறி இறங்கும் செலவுகள்.

அடுத்தது ஆள் எத்தனை ஆனாலும் மாறாத செலவு. கைக்கு ஒரு ஆள் மூன்று மணி நேரம் நின்றால் 250, வண்டிக்குப் பெட்ரோலும் தேய்மானமும் 60, பாத்திரம் கழுவும் பொருளும் சில்லறையும் 50, உங்கள் உழைப்புக்கு 450. மொத்தம் 810. இரண்டும் சேர்ந்தால் 1,503. முப்பதால் வகுத்தால் தலைக்கு 50 ரூபாய். 26 நாளுக்கு 1,300.

உங்கள் உழைப்பை எழுதாமல் விட்டால் விலை 35 என்று வரும், கேட்கிறவருக்கும் பிடிக்கும். நாலு மணிக்கு எழுந்திருப்பது யாருக்காக என்ற கேள்வி மூன்றாவது மாதம் வரும். அதனால் அந்த 450-ஐ முதல் நாளே எழுதுங்கள்.

முப்பதுன்னு சொல்லிட்டு 22 பேர்தான் வாங்குறாங்க. இதுல முதலாகுமா?

மேலே போட்ட கணக்கையே எடுங்கள். பொருள் செலவு 693-லிருந்து 508 ஆகக் குறையும். மாறாத 810 அப்படியே நிற்கும். மொத்தம் 1,318; 22 பேருக்குத் தலைக்கு 60 ரூபாய். நீங்களோ 50 ரூபாய் வீதம் 1,100 வாங்குகிறீர்கள். குறையும் 218 ரூபாய் உங்கள் 450-லிருந்துதான் போகிறது.

ஆகவே பேசும்போதே இரண்டு விலை சொல்லுங்கள்: 28 பேருக்குமேல் இருந்தால் 50, அதற்குக் கீழே போனால் 60. அல்லது "குறைந்தது 27 பேருக்குக் கணக்கு போடுவோம்" என்று எழுதி வாங்குங்கள். விடுதிகளில் வெள்ளிக்கிழமை சாயங்காலமே பிள்ளைகள் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். சனிக்கிழமை காலை எண்ணிக்கை எப்போதும் குறையும். பண்டிகை நாட்கள் வேறு. டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழா, மாசியில் சிவராத்திரி, ஆவணியில் ஓணம் என்று நம் மாவட்டத்துக்கே உரிய விடுமுறைகள் உண்டு. வெளியூர் நாட்காட்டியைப் பார்த்து 26 என்று எண்ணினால் கணக்கு தப்பும். மாதம் பிறப்பதற்கு முன்பே விடுதிப் பொறுப்பாளரோடு உட்கார்ந்து நாட்களை எண்ணி எழுதிக்கொள்ளுங்கள்.

லீவு சொன்னா பணம் குறைக்கணுமா?

முந்தின நாள் இரவு 8 மணிக்குள் சொன்னால் குறையுங்கள், பிந்திச் சொன்னால் குறைக்காதீர்கள். 8 மணி என்பது சும்மா வைத்த நேரம் இல்லை. மாவு ஆட்டி முடிக்கும் நேரம் அது. சாயங்காலம் 6 மணிக்கு ஆட்டத் தொடங்கினால் எட்டுக்கு மாவு கரைத்து உப்புப் போட்டு மூடியாயிற்று. அதற்குப் பிறகு ஒரு ஆள் குறைந்தாலும் செலவு குறையாது. மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை அறிவித்த நாளில் மட்டும் கரண்ட் வரும் நேரத்துக்குத் தக்க ஆட்டுவதை மாற்ற வேண்டிவரும்.

சொல்வது ஒருவர் வழியாகவே வரட்டும். 30 பிள்ளைகளும் தனித்தனியாக வாட்சப்பில் போட்டால் மாதக் கடைசியில் யார் எப்போது சொன்னார் என்று தேட முடியாது. விடுதியில் ஒருவர் தினமும் எண்ணிக்கையை மட்டும் அனுப்பட்டும். சாப்பாட்டை இறக்கும்போது ஒரு சிறு நோட்டில் தேதியும் எண்ணிக்கையும் எழுதி அங்கேயே கையெழுத்து வாங்குங்கள்.

காலையில 4 மணிக்கு அரைச்ச தேங்காய்ச் சட்னி 9 மணிக்கெல்லாம் புளிச்சுப்போகுது. என்ன செய்ய?

பச்சைத் தேங்காயை பச்சைத் தண்ணீரில் அரைத்தால் நம் ஊர் வெயிலில் மூன்று, நாலு மணி நேரம்தான் தாங்கும். மேலே கொதிக்கக் கொதிக்கத் தாளிதம் கொட்டினாலும் உள்ளே சட்னி சூடாவதில்லை, அதனால் அது காப்பாற்றாது. அதைவிடப் பெரிய தப்பு சட்னி டப்பாவைச் சூடான இட்லியோடு ஒட்டி அடுக்குவது. இட்லியின் சூடு ஏறிச் சட்னி வெதுவெதுப்பாகும். கெடுப்பதற்கு அதைவிடத் தோதான சூடு வேறில்லை.

கெட்டதை முகர்வதற்கு முன்பே கண்ணால் பார்க்கலாம். ஓரத்தில் கடுகளவு குமிழ்கள் கிளம்பியிருக்கும், தண்ணீர் தனியாகவும் பூ தனியாகவும் பிரிந்திருக்கும், மூடியைத் திறக்கும்போது "புஸ்" என்று காற்று வரும். மூன்றில் ஒன்று இருந்தாலும் கொட்டிவிடுங்கள்.

எட்டு மணிக்குள் சாப்பிட்டு முடிக்கிற விடுதிக்கு மட்டும் தேங்காய்ச் சட்னி கொடுங்கள். அதையும் கடைசி ஈடு வேகும்போது அரையுங்கள், கொதித்து ஆறிய தண்ணீர் விடுங்கள். 9 மணிக்குமேல் சாப்பிடும் ஆபீசுக்குத் தேங்காயைச் சிவக்க வறுத்து, புளியும் வற்றலும் வைத்துத் தண்ணீர் குறைத்துக் கெட்டித் துவையலாகக் கொடுங்கள். அல்லது வெங்காயம் தக்காளியை எண்ணெயில் நன்றாகச் சுருள வதக்கிய சட்னி. அதுவும் பிடிக்காதவர்களுக்கு இட்லிப் பொடியும் நல்லெண்ணெயும்.

காலைச் சாப்பாட்டோட சேர்த்தே மதியச் சோறும் வச்சுட்டா ஒரு வேலை மிச்சம்தானே?

இந்த மிச்சம் வேண்டாம். 5 மணிக்கு வடித்த சோறு 1 மணிக்கு இலைக்கு வரும்போது எட்டு மணி நேரம் ஆகியிருக்கும். அரிசியில் இயல்பாகவே இருக்கும் ஒருவகைக் கிருமியின் விதைகள் கொதியிலும் சாவதில்லை. சோறு ஆறி வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. வாசம் மாறாத சோறு சாப்பிட்டும் வாந்தி வருவது இதனால்தான்.

நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். பட்டறையில் 12:45-க்குச் சாப்பாடு. 12:15-க்குக் கிளம்ப வேண்டும். 11:45-க்குக் கட்டத் தொடங்க வேண்டும். 11:15-க்குச் சோறு வடிய வேண்டும். சம்பா அரிசி வேக முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது, உலை கொதிக்கவும் நேரம் வேண்டும், ஆகவே 10 மணிக்கு உலை. அதற்கு முன்பு குழம்புக்கு அரைப்பதும் காய் நறுக்குவதும் நடக்கட்டும், அதில் தப்பில்லை.

வடித்த சோற்றை உடனே டப்பாவில் போட்டு மூடாதீர்கள். ஆவி மூடியில் பட்டுத் தண்ணீராகச் சொட்டி மேல்சோறு சொதசொத என்று ஆகிவிடும், முதலில் கெடுவதும் அதுதான். அகலமான தட்டில் ஐந்து நிமிடம் பரப்பி, மேல் ஆவி அடங்கியதும் சூடாகவே போட்டு மூடுங்கள். ஆவிதான் போக வேண்டும், சூடு போகக்கூடாது. கம்பி வைத்த உணவு வெப்பமானி ஒன்று வாங்கி, இறக்கும் இடத்தில் நடுச்சோற்றில் குத்திப் பாருங்கள். 60 டிகிரிக்குக் கீழே காட்டினால் உங்கள் ஹாட் பாக்சோ நேரமோ சரியில்லை என்று பொருள்.

மதியத்துக்கு எந்தக் கறி தாங்கும்? அவியல் கேக்குறாங்க.

அவியலில் பச்சைத் தேங்காயும் தயிரும் சேர்வதால் கட்டிக்கொடுக்கிற சாப்பாட்டில் முதலில் கெடுவது அதுதான். கொடுத்தே ஆகவேண்டும் என்றால் தயிருக்குப் பதில் மாங்காயோ புளியோ சேருங்கள், அரைப்பைப் போட்டபின் ஒரு கொதி வரவிடுங்கள். தீயல் நல்ல தாங்கும். தேங்காயை நிறம் மாறும்வரை வறுப்பதில் ஈரம் போய்விடுகிறது, புளியும் துணை. துவரன் வைப்பதானால் தேங்காயைக் கடைசியில் தூவி இறக்காமல் காயோடு இரண்டு நிமிடம் வாட்டுங்கள்.

புட்டும் கடலையும் கொடுக்கலாமா?

அரை மணி நேரத்துக்குள் போய்ச் சேரும் இடமானால் வாரம் ஒரு நாள் கொடுக்கலாம். புட்டு ஆற ஆற வறண்டு தொண்டையில் அடைக்கும். ஒரு கிலோ வறுத்த மாவில் எட்டுப் புட்டு வரும், ஆகவே 30 பேருக்கு மூன்றே முக்கால் கிலோ. கொண்டைக்கடலை தலைக்கு 45 கிராம். ஒரே குழலை வைத்து அவித்தால் மூன்று மணி நேரம் ஆகும் என்பதுதான் சிக்கல். மூன்று குழல் இருந்தால் ஒரு மணி நேரத்தில் முடியும். மாவை வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் பிசறி அரை மணி நேரம் ஈரத்துணி போட்டு மூடிவைத்தால் புட்டு கொஞ்சம் கூடுதல் நேரம் மெதுவாக இருக்கும்.

எதுல கட்டிக்கொடுக்க? பாலித்தீன் கவர்ல சாம்பார் ஊத்திக் கொடுக்கலாமா?

கூடாது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்கள் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டவை. உணவு கட்டும் பிளாஸ்டிக் தாளும் அந்தப் பட்டியலில் உண்டு. செய்தித்தாளில் பொதிவதும் கூடாது, மை சாப்பாட்டில் ஏறும். மாதக் கணக்குக்கு எவர்சில்வர் டிபன் கேரியர்தான் சரி. ஆளுக்கு இரண்டு செட் வேண்டும்: ஒன்று அங்கே இருக்கும்போது ஒன்று இங்கே கழுவப்படும். மூடியில் எண் பொறித்துவிடுங்கள், முன்பணத்தில் பாத்திரத்துக்கும் ஒரு தொகை பிடியுங்கள். கழுவித் தந்தாலும் நீங்கள் மறுபடி வெந்நீரில் கழுவ வேண்டும்.

விடுதிக்கு மொத்தமாக ஹாட் பாக்சில் கொண்டு வைப்பது செலவு குறைவுதான். ஆனால் முதலில் வருகிற பிள்ளைகள் ஐந்தாறு எடுத்துவிட்டால் கடைசியில் குளித்து வருகிறவர்களுக்குக் காணாது, குறை உங்கள்மேல் வரும். பரிமாற விடுதியில் ஒரு ஆள் நின்றால் மட்டும் மொத்தமாகக் கொடுங்கள்.

பட்டறையில தினமும் மீன் கேக்குறாங்க. ஒரே விலையில வருஷம் பூரா கொடுக்க முடியுமா?

முடியாது, பேசும்போதே சொல்லிவிடுங்கள். குமரிக்கு இரண்டு கடல் என்பதால் விசைப்படகுத் தடையும் இரண்டு. சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஆக மூன்றரை மாதம் ஏதாவது ஒரு கரையில் தடை இருக்கும். வள்ளக்காரர்கள் பிடிக்கும் சாளையும் நெத்திலியும் அப்போதும் வரும், ஆனால் விலை நாளுக்கு நாள் மாறும்.

வாரம் மூன்று நாள் மீன் என்றும், தடைக் காலத்தில் அதில் இரண்டு நாள் முட்டை அல்லது கருவாடு என்றும் எழுதிக்கொள்ளுங்கள். எந்த மீன் என்று பெயர் எழுதாதீர்கள், துண்டின் எடையை எழுதுங்கள். தேங்காய்க்கும் இதேபோல ஒரு வரி வேண்டும்: கிலோ விலை பேசிய நாளிலிருந்து 20 ரூபாய்க்குமேல் ஏறினால் அடுத்த மாதம் முதல் விலை மறுபடி பேசப்படும் என்று. நம் சமையலில் தேங்காய் இல்லாத பாத்திரம் கிடையாதே.

மாசம் முடிஞ்சு பத்தாம் தேதி பணம் தாரோம்னு சொல்றாங்க. சரின்னு சொல்லலாமா?

கையில் எவ்வளவு முதல் இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். உங்கள் உழைப்பு 450 போக, நாள் ஒன்றுக்குக் கையிலிருந்து போவது 1,053 ரூபாய். 26 நாளும் அடுத்த மாதத்தில் 8 நாளும் சேர்ந்து 34 நாள். ஏறத்தாழ 36,000 ரூபாய் வெளியே நின்ற பிறகுதான் முதல் காசு வரும். அதுவும் சொன்ன தேதியில் வந்தால்.

பாதிப் பணம் ஒன்றாம் தேதி, மீதி பதினாறாம் தேதி என்று கேளுங்கள். பேசிய தேதியிலிருந்து ஐந்து நாள் தாண்டினால் சாப்பாடு நிற்கும் என்பதையும் முன்பே சொல்லுங்கள். மொத்தத் தொகையை விடுதி நடத்துகிறவரே தர வேண்டும். ஒவ்வொரு பிள்ளையிடமும் நீங்கள் போய் வாங்கும் ஏற்பாட்டை ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு பிள்ளைக்கு வயித்தால போகுது, உங்க சாப்பாடுதான்னு சொல்றாங்க. என்ன செய்யணும்?

முதலில் பிள்ளையை மருத்துவரிடம் கொண்டுபோகச் சொல்லுங்கள். மறுத்துப் பேசாதீர்கள், ஒத்துக்கொள்ளவும் செய்யாதீர்கள். அன்றைக்கு அந்தச் சாப்பாட்டை வாங்கிய மற்றவர்களுக்கு எப்படி இருக்கிறது என்று உடனே விசாரியுங்கள். முப்பதில் ஒருவருக்கு மட்டும் என்றால் வெளியே என்ன சாப்பிட்டார், எந்தத் தண்ணீர் குடித்தார் என்று கேட்க இடமுண்டு. நாலைந்து பேருக்கு ஒரே நேரத்தில் என்றால் பெரும்பாலும் உங்கள் பக்கம்தான். அடுத்த வேளை அனுப்புவதை நிறுத்திக் காரணத்தைத் தேடுங்கள்.

தேடுவதற்கு வழி முந்தியே செய்து வைத்திருக்க வேண்டும். தினமும் கட்டுவதற்கு முன்பு ஒவ்வொரு பதார்த்தத்திலும் ஒரு கரண்டி எடுத்து, வெந்நீரில் கழுவிய சிறு டப்பாவில் போட்டுத் தேதி ஒட்டி ஃபிரிட்ஜில் மூன்று நாள் வையுங்கள். அதிகாரி வந்து கேட்டால் கொடுக்க உங்களிடம் இருப்பது அதுதான். சோறு வடித்த நேரம், இறக்கிய நேரம், வெப்பமானி காட்டிய சூடு மூன்றையும் கையெழுத்து வாங்கும் அதே நோட்டில் எழுதுங்கள். பெரும்பாலும் காரணம் அந்த நோட்டிலேயே தெரிந்துவிடும்: அன்றைக்கு மட்டும் 55 டிகிரி என்றோ, சோறு 9 மணிக்கே வடித்தது என்றோ.

விடுதியில நாளைலேருந்து வேண்டாம்னு திடீர்னு நிறுத்தினா?

ஒரு மாத முன்னறிவிப்பு, இல்லையென்றால் 15 நாள் தொகை என்று தொடக்கத்திலேயே ஒரு வெள்ளைத்தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். 15 நாள் தொகையை முன்பணமாக வாங்கி வைத்தால் பேச்சே வேண்டாம், கேரியர்கள் எல்லாம் திரும்பி வந்ததும் கணக்குத் தீர்த்துக்கொள்ளலாம். நீங்கள் நிறுத்துவதானாலும் இதே விதிதான். காலையில் சாப்பாடு வராமல் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளை நினைத்து, அந்த ஒரு மாதத்தை முழுதாகக் கொடுத்துவிட்டு நிறுத்துங்கள்.